ஒரு அங்குலத்துக்கு ஒரு அடி

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது. செயலாளர் கேட்டுக்கொண்டபடி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



அடுத்த பொதுக்குழுவில் கீழ்த்தளத்தில் சாய்தளம் கட்டுவது பற்றி ஒரு தீர்மானம் வருகிறது. அதற்கு முன் விவரம் தெரிந்த ஒருவர் பேச வேண்டும் என்று செயலாளர் சொன்னார். எனக்கு இன்ஜினியரிங் தெரியாது. பி.காம். படித்து, 36 வருடம் வங்கியில் கிளார்க்காக உட்கார்ந்தவன். ஆனால் கடந்த எட்டு மாதமாக என் அக்காவை வீல் சேரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறேன். அக்காவுக்கு 72 வயது. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர். வீட்டுக்குள் வாக்கர், வெளியே வீல் சேர். வாரம் இரண்டு நாள் பிசியோதெரபிக்கு மெட்ரோவில் மூன்று நிறுத்தம் தாண்டிப் போகிறோம். பையில் ஒரு அளவு டேப் இருக்கும். எங்கே சக்கரம் நின்றதோ அங்கே அளந்து ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். இன்று பேசப்போவது அந்த நோட்டில் இருப்பதுதான்.

முதல் பக்கத்தில் இருப்பது வெளியே உள்ள எதுவும் இல்லை, நம்முடைய லிஃப்ட். மூன்றாம் மாடியிலிருந்து சுகமாக இறங்கி வருகிறோம். கதவு திறக்கிறது. எதிரே மூன்று படி. கார் நிறுத்தும் தளத்திலிருந்து லிஃப்ட் மேடை 18 அங்குலம் உயரம். மழைத்தண்ணீர் லிஃப்ட் குழிக்குள் இறங்காமல் இருக்க அப்படிக் கட்டியிருக்கிறார்கள். சென்னையில் தூண் மேல் நிற்கும் பழைய அடுக்குமாடிகள் பலவற்றில் இதே கதைதான். லிஃப்ட் இருந்தும் கடைசி மூன்று படிக்கு இரண்டு ஆள் வேண்டும்.

சக்கரம் போகும் சாய்தளத்துக்கு ஒரே ஒரு கணக்கு நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அரசாங்கத்தின் வழிகாட்டு நெறிமுறையில் 12க்கு 1 என்று போட்டிருக்கும். நம் பாஷையில், ஒரு அங்குலம் உயரத்துக்கு ஒரு அடி நீளம். 18 அங்குலம் ஏற வேண்டுமானால் 18 அடி நீளம் வேண்டும். இது மிகப் பெரிதாக இருக்கிறதே என்று எல்லோரும் சொல்கிறார்கள். போன மாதம் ஒருவர் நல்ல மனதோடு, "ஐந்தடியில் ஒரு இரும்புத் தகடு வாங்கிப் படி மேல் சாய்த்துவிடலாமே சார், பைக் ஏற்றுவதற்குப் போடுகிறார்களே" என்றார். அவருக்குச் சொன்ன கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன்.

அக்கா 65 கிலோ. நாற்காலி 17 கிலோ. மொத்தம் 82. ஐந்தடித் தகட்டில் ஒன்றரை அடி ஏறுவது என்றால், நான் மேல்நோக்கித் தள்ள வேண்டிய பாரம் ஏறக்குறைய 25 கிலோ. ஒரு அரிசி மூட்டையைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு மேலே தள்ளுவது போல. வழியில் நிற்க முடியாது. நின்றால் அந்த 25 கிலோ என்மேல் திரும்பி வரும். 18 அடி சாய்தளத்தில் அதே 82 கிலோவுக்கு 7 கிலோ பாரம்தான். ஒரு கை விட்டாலும் மறு கையால் பிடித்துக்கொள்ளலாம். கையில் கொஞ்சம் பலம் இருப்பவர் யார் உதவியும் இல்லாமல் தானே சக்கரத்தை உருட்டி ஏறலாம். பைக்குக்கு இன்ஜின் இருக்கிறது, அதனால் செங்குத்துத் தகடு சரி. இங்கே இன்ஜின் 66 வயது.

இறங்குவது ஏறுவதைவிட மோசம். செங்குத்தான சரிவில் நாற்காலியை முன்பக்கமாக இறக்கினால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார். முன்னால் இருக்கும் சின்னச் சக்கரங்கள் தரையில் முட்டினால் அப்படியே தூக்கி எறியப்படுவார். அதனால் பின்பக்கமாகத்தான் இறக்க வேண்டும். தள்ளுபவர் கீழே நின்று, முதுகுப் பக்கம் பார்த்துக் கால் வைத்து வைத்து இறங்க வேண்டும். இதை வீட்டில் வேலை செய்யும் பெண்ணோ வாட்ச்மேனோ அவசரத்தில் செய்யும்போது யாராவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

சாய்தளத்தைப் பக்கச் சுவரை ஒட்டிக் கொண்டுபோனால் நமக்கு இடம் இருக்கிறது. 4 அடி அகலம், 18 அடி நீளம், கீழே நாற்காலியைத் திருப்ப 5 அடி சமதளம். மேலே ஏற்கெனவே லிஃப்ட் மேடை இருப்பதால் அங்கே தனியாக வேண்டாம். ஆக 23 அடி. இரண்டு பக்கமும் கைப்பிடி, சொரசொரப்பான தரை. பளபளக்கும் டைல்ஸ் போட்டால், காலையில் கார் கழுவும் தண்ணீர் ஓடி வந்து வழுக்கும். இதனால் விசிட்டர் கார் நிறுத்தும் இடம் ஒன்று போகும், நான்கு பைக்குகளை நகர்த்த வேண்டும். அதுதான் இதன் விலை, அதை மறைக்க விரும்பவில்லை. கொத்தனார் கொடுத்த மதிப்பீடு 1,56,000 ரூபாய். 24 வீட்டுக்குப் பங்கு போட்டால் வீட்டுக்கு 6,500.

லிஃப்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்முடையது ஆறு பேர் லிஃப்ட். கதவு திறந்தால் கிடைக்கும் வழி இருபத்தேழரை அங்குலம். அக்காவின் நாற்காலி 25 அங்குலம். பக்கத்துக்கு ஒன்றேகால் அங்குலம்தான் மிச்சம். சக்கரத்தின் மேல் விரல் வைத்திருந்தால் கதவு உரசிவிடும், அதனால் கையை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். உள்ளே ஆழம் 39 அங்குலம். நாற்காலியோ கால் வைக்கும் தட்டோடு சேர்த்து 42. தட்டு கழற்றும்படியான நாற்காலி என்பதால் நுழைகிறோம். வீல் சேர் வாங்கப் போகிறவர்கள் முதலில் நம் லிஃப்டை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். தட்டு கழலாத மாடல் வாங்கினால் அது மாடியிலேயே இருக்கும். இன்னொன்று, ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சர் இந்த லிஃப்டில் படுக்கை வசமாக நுழையாது. நாற்காலியில் உட்கார வைத்துத்தான் இறக்க வேண்டியிருக்கும். அப்போதும் அந்த மூன்று படி எதிரே நிற்கும்.

இனி கேட்டுக்கு வெளியே. கேட்டிலிருந்து மெட்ரோ நிலையம் ஏறக்குறைய 600 மீட்டர். இதில் மெயின் ரோட்டில் 450 மீட்டருக்கு நடைபாதை இருக்கிறது. இருக்கிறது என்றுதான் எல்லோரும் சொல்வோம். வாக்கரோடு நடந்து பார்த்தால் அது ஒரே நடைபாதை இல்லை, பல துண்டுகள் என்று தெரியும். அந்த நீளத்தில் 11 வாசல்கள். ஒவ்வொரு வாசலிலும் நடைபாதை இறங்கி, மறுபடி ஏறுகிறது. நடுவில் நான்கு மின்பெட்டிகள், வேர் கிளப்பிய இரண்டு மரம், பெயர்ப் பலகைத் தூண்கள். எங்கும் இறங்காமல், ஒதுங்காமல் தொடர்ந்து போக முடிந்த அதிகபட்ச தூரம் என் காலடியில் 70. அதனால்தான் வயதானவர்கள் நடைபாதையை விட்டுச் சாலை ஓரத்தில் நடக்கிறார்கள். அலட்சியம் இல்லை. சாலை சமமாக இருக்கிறது.

இது எப்படி இப்படி ஆனது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நமக்கும் பங்கு இருக்கிறது. நடைபாதையின் ஓரக்கல் சாலையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேல் உயரக் கூடாது என்று இந்தியச் சாலை காங்கிரஸின் 2012ஆம் வருட வழிகாட்டி சொல்கிறது. நடப்பதற்கு மட்டும் தடையில்லாமல் 6 அடி அகலம் வேண்டும் என்றும் சொல்கிறது. புதிய நகரில் இப்படிக் கட்டிவிட்டால் முடிந்தது. ராயப்பேட்டை, மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற பழைய பகுதிகளில் சாலை ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டால் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 2 அங்குலம் உயரும். மூன்று தடவை போட்டால் 6 அங்குல ஓரக்கல் காணாமல் போய்விடும். பிறகு நடைபாதையை உயர்த்துவார்கள். அப்போது வீட்டு வாசல்கள் பள்ளமாகிவிடும், மழைத்தண்ணீர் உள்ளே வரும். வீட்டுக்காரர் தன் வாசலை உயர்த்துவார். உயர்த்தின வாசலுக்குக் கார் ஏற வேண்டுமே, அதற்கு ஒரு சரிவு போடுவார். உள்ளே இடம் இல்லை என்று வெளியே, நடைபாதை மேல் போடுவார்.

நம் கேட்டும் இப்படித்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர் நின்ற பிறகு, மறு வருடம் வாசலை 9 அங்குலம் உயர்த்தியிருக்கிறார்கள். நான் இங்கே குடிவந்தது அதற்குப் பிறகு. அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் அந்த 9 அங்குலத்துக்கான சிமென்ட் சரிவு இரண்டரை அடி வெளியே நீட்டிக்கொண்டு இருக்கிறது. காருக்கு அது ஒன்றுமில்லை. நடைபாதையில் குறுக்கே போகிறவருக்கு அது பக்கவாட்டுச் சரிவு. வீல் சேரில் பக்கவாட்டுச் சரிவுதான் ரொம்ப ஆபத்து. முன்சக்கரங்கள் தாமாகவே பள்ளத்தின் பக்கம் திரும்பும். அதாவது சாலையின் பக்கம், பஸ் வரும் பக்கம். தள்ளுபவர் ஒரு கையால் தள்ளி, ஒரு கையால் இழுத்துக்கொண்டே போக வேண்டும். வாக்கர் வைத்திருப்பவருக்கு நான்கு காலில் ஒரு கால் அந்தரத்தில் நிற்கும். நம் சரிவைக் கேட்டுக்கு உள்ளே கொண்டுபோகலாம். 9 அங்குலத்துக்கு 9 அடி. கேட்டுக்கும் முதல் காருக்கும் நடுவே 10 அடி இருக்கிறது. அளந்துவிட்டேன். இதையும் மதிப்பீட்டில் சேர்த்திருக்கிறேன்.

பைக்குகள் ஏறாமல் இருக்க நடைபாதை வாயிலில் தூண்கள் நடுகிறார்களே, அதைப் பற்றி என்னிடம் நல்ல பதில் இல்லை. வீல் சேர் தாராளமாகப் போக 3 அடி இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியில் ஸ்கூட்டரும் போகும். குறைத்தால் ஸ்கூட்டர் நிற்கும், அக்காவும் நிற்பார். தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019இல் அகலமான நடைபாதை வளாகம் திறந்தார்கள். அங்கே அக்காவை ஒரு மாலை அழைத்துப் போனேன். நீளமாக, சமமாக, யார் காலையும் இடிக்காமல் கடை பார்த்துக்கொண்டு போக முடிந்தது. பழைய நகரிலும் முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அந்த வளாகம் வரை ஆட்டோவில்தான் போனோம்.

பஸ்ஸுக்கு வருகிறேன். உயர் நீதிமன்றத்தில் பல வருடம் வழக்கு நடந்த பிறகு, 2024 ஆகஸ்டிலிருந்து நம் மாநகரப் பேருந்தில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன. பஸ்ஸின் தளம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். சாதாரண பஸ் ஏறக்குறைய 3 அடி. நடுத்தர வகை 26 அங்குலம். தாழ்தளப் பேருந்து 16 அங்குலம்தான். நிறுத்தத்தில் நடைபாதைப் பக்கம் ஒரு இரண்டு அங்குலம் சாய்ந்தும் கொடுக்கும். நடுக்கதவில் மடித்து வைத்த பலகை இருக்கிறது, அதைக் கண்டக்டர் விரித்துப் போடுவார். வாக்கர், கைத்தடி வைத்திருப்பவர்களுக்கே இது பெரிய உதவி. முழங்கால் வலிக்காரர்கள் இங்கே பாதிப்பேர் இருக்கிறீர்கள், ஏறிப் பாருங்கள்.

ஆனால் வீல் சேருக்கு அந்த பஸ் எங்கே நிற்கிறது என்பதுதான் முக்கியம். பலகை 3 அடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். பஸ் 6 அங்குல நடைபாதையை ஒட்டி நின்றால், 16இல் 6 போக 10, சாய்ந்த 2 போக 8 அங்குலம் ஏற வேண்டும். நாலரைக்கு ஒன்று சரிவு. கண்டக்டரோ பயணியோ ஒருவர் கை கொடுத்தால் ஏறிவிடலாம். நிறுத்தத்தில் ஆட்டோக்கள் நிற்பதால் பஸ் நடுச்சாலையில் நின்றால், பலகை தார்ச்சாலை மேல் விழும். அப்போது 14 அங்குலம். இரண்டரைக்கு ஒன்று. நான் முதலில் சொன்ன ஐந்தடித் தகட்டைவிடச் செங்குத்து. அதே பஸ், அதே பலகை. நிறுத்தத்தின் முன்னால் 40 அடி காலியாக இருக்கிறதா இல்லையா என்பது ஒன்றுதான் மாறியது. அதனால் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது நிழற்குடைக்குள் உட்காராமல், ஓரக்கல்லை ஒட்டி, டிரைவர் கண்ணில் படும்படி நின்று கை காட்ட வேண்டும். நாற்காலியைப் பார்த்துவிட்டால் ஒட்டி நிறுத்தும் டிரைவர்கள் நிறையப் பேர்.

மெட்ரோவில் உள்ளே போய்விட்டால் கவலை இல்லை. 2015இல் ஓடத் தொடங்கிய நாளிலிருந்தே லிஃப்ட், அகலமான கேட், ரயில் தளமும் பிளாட்பாரமும் ஒரே மட்டம் என்று வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். கவனிக்க வேண்டியது இரண்டு விஷயம். சுரங்க நிலையத்தில் சாலையிலிருந்து டிக்கெட் தளத்துக்கு ஒரு லிஃப்ட், அங்கிருந்து பிளாட்பாரத்துக்கு வேறொரு லிஃப்ட். அடுத்தது, எல்லா வாயிலிலும் லிஃப்ட் இருக்கும் என்று எண்ணக் கூடாது. லிஃப்ட் உள்ள வாயில் சாலைக்கு அந்தப் பக்கம் என்றால், ஆறு வழிச் சாலையை மேலே கடந்துதான் வர வேண்டும். புறப்படும் முன் ஏறும் நிலையத்துக்கும் இறங்கும் நிலையத்துக்கும் எந்த வாயில் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும் நிலையத்தை மறந்துவிட வேண்டாம்.

எங்கள் பிசியோதெரபி பயணத்தின் கணக்கு இது. நோட்டில் தேதி போட்டு எழுதியிருக்கிறேன். வீட்டிலிருந்து கேட் வரை, வாட்ச்மேனைக் கூப்பிட்டுப் படியில் இறக்குவதோடு சேர்த்து, 12 நிமிடம். கேட்டிலிருந்து நிலையம் 26 நிமிடம். நான் தனியாக நடந்தால் 8. இரண்டு லிஃப்டும் டிக்கெட்டும் 9 நிமிடம். ரயிலில் 6 நிமிடம். அந்தப் பக்கம் மேலே வந்து சேர 7 நிமிடம். ஆக ஒரு மணி நேரம். பல ஆயிரம் கோடி ரூபாய் செலவில் போட்ட ரயிலில் 6 நிமிடம் போகிறோம். அதைப்போல இரண்டு மடங்கு நேரம் நம் சொந்தக் கட்டடத்தை விட்டு வெளியே வர ஆகிறது. மூன்று படி வழியில் இல்லாவிட்டால் அந்த 12 நிமிடம் 4 ஆகும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்டார்கள். 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுப் போக்குவரத்துக்கும் கட்டடங்களுக்கும் அணுகும் வசதியைக் கேட்கிறது. அதற்கான அளவுகள் இதுவரை வழிகாட்டியாக மட்டும் இருந்தன. அவற்றில் அடிப்படையானவற்றைக் கட்டாய விதியாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நம்மைப் போன்ற பழைய அடுக்குமாடியின் கதவை நாளையே யாராவது வந்து தட்டுவார்கள் என்று நான் பயமுறுத்த வரவில்லை. கட்டாயம் வந்த பிறகு அவசரத்தில் கட்டினால் அது ஐந்தடித் தகடாகத்தான் முடியும். அப்படி முடிந்த இடங்களை வங்கிகளிலேயே பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு கிளையில் நான்கு படிக்குப் பக்கத்தில் செங்குத்தாக ஒன்று கட்டி, "மாற்றுத்திறனாளிகளுக்கு" என்று பெயின்ட் அடித்திருந்தார்கள். நான் ஓய்வு பெறும் வரை அதில் ஏறியது பணம் கொண்டுவரும் டிரங்குப் பெட்டி மட்டும்தான். அதையும் இரண்டு பேர் சேர்ந்து தூக்கினார்கள்.

ஒருவருக்காகவா இவ்வளவு செலவு என்ற கேள்வி என் காதுக்கும் வந்தது. கேட்பதில் தப்பில்லை, பணம் எல்லோருடையது. நம் 24 வீட்டில் 65 வயது தாண்டியவர்கள் 17 பேர் என்று சங்கப் பதிவேடு சொல்கிறது. அதில் முழங்கால் ஆபரேஷன் ஆனவர்கள் நான்கு பேர், தேதி குறித்திருப்பவர்கள் இரண்டு பேர். ஆபரேஷன் முடிந்து வரும் நாளில் அவர்களுக்கும் அந்த மூன்று படிதான். விசிட்டர் கார் நிறுத்த இடம் போகிறது என்ற ஆட்சேபம் நியாயமானது. அதற்கு மாற்று இடம் எனக்குத் தெரியவில்லை, பொதுக்குழுவில் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

சாய்தளம் வரும் இடத்தைக் கீழ்த்தளத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். கேட் சரிவின் கோடும் அங்கேயே இருக்கிறது. வரைபடமும் கொத்தனாரின் மதிப்பீடும் நோட்டீஸ் போர்டில் இருக்கின்றன. அக்காவின் வீல் சேர் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி வரை வாட்ச்மேன் அறை வாசலில் நிற்கும். அக்காவிடம் கேட்டுவிட்டேன், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் உட்காருங்கள், ஒருவர் தள்ளுங்கள், கேட்டுக்கு வெளியே நம் சரிவைக் குறுக்கே ஒரு தடவை தாண்டிவிட்டு வாருங்கள். சாலைப் பக்கம் மூன்றாவதாக ஒருவர் நிற்கட்டும்.